புதன்கிழமை வரப்போகும் காய்ச்சல்

கேட் செய்யக் கொடுத்தவர்கள் எல்லோரும் அந்த வெல்டரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவரும் ஒரே பதிலைத்தான் சொன்னார். "ரெண்டு நாள்ல ரெடி." இரும்பே இன்னும் கடையிலிருந்து வந்திருக்காது, இவர் பாட்டுக்கு ரெண்டு நாள் என்பார். கடைசியில் பெயரே அதுவாகிப் போனது. "ரெண்டுநாள் இருக்காரா?" என்றுதான் பட்டறை வாசலில் வந்து கேட்பார்கள்.

வேலையில் குறை சொல்ல முடியாது. அவர் பற்றவைத்த இடம் விட்டுப்போனதாக ஒருவரும் திரும்பி வந்ததில்லை. தேதி விஷயத்தில் மட்டும் மனிதர் விலாங்கு மீன். ஏமாற்றும் எண்ணம் கிடையாது, பயம்தான். இன்ன தேதி என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டால், அன்றைக்கென்று பார்த்துக் கரண்ட் போகும், கை சுடும், ஏதாவது ஒன்று முளைக்கும் என்று அவருக்குள் ஒரு நினைப்பு. படித்துப் படித்துச் சொன்னாலும் போகாத நினைப்பு.

மகளின் பள்ளிக்கு விடுப்புக் கடிதம் எழுதுவதிலும் அவருக்கு ஒரே மருந்துதான். கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல், வீடு மாறினாலும் காய்ச்சல், மழையில் சீருடை காயவில்லை என்றாலும் காய்ச்சல். போய்விட்டு வந்த மறுநாள், "காய்ச்சல் காரணமாக என் மகள் நேற்றுப் பள்ளிக்கு வர இயலவில்லை" என்று நாலு வரி கிறுக்கிக் கொடுப்பார். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை எந்த டீச்சரும் ஏனென்று கேட்டதில்லை.

இந்த முறை விஷயம் விளையாட்டில்லை. மனைவிக்கு மாதக்கணக்காக ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஆள் வெளுத்துத் துணி மாதிரி ஆகிவிட்டாள். கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லிப் புதன்கிழமை ஆபரேஷன் என்று குறித்தும் கொடுத்துவிட்டார். பெண்கள் வார்டில் ஆண்கள் தங்கக் கூடாது, பார்வை நேரத்தில் வந்துவிட்டுப் போகலாம், அவ்வளவுதான். வெல்டரின் அக்கா வெளியூரிலிருந்து சனிக்கிழமைதான் வந்து சேர முடியும். அதுவரை கூட இருக்க மகளை விட்டால் நாதியில்லை.

ஞாயிறு சாயங்காலம் அவர் பேனாவை எடுத்ததுமே மனைவி சொல்லிவிட்டாள். "என்னங்க, என் வயித்து சமாச்சாரத்தை ஸ்கூல் பூரா டமாரம் அடிக்காதீங்க. எப்பவும் எழுதுறதையே எழுதுங்க."

அவரும் எப்போதும் எழுதுகிறதையே எழுதினார். மகள் திங்கள் காலை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மதியம் பட்டறையில் அவர் கண்ணாடியை இறக்கிக் கம்பியைத் தொட்டபோது போன் அடித்தது. வகுப்பு டீச்சர். உடனே வரச் சொன்னார். கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினார்.

ஆசிரியர் அறையில் டீச்சர் தனியாக இருந்தார். மேஜைமேல் விடைத்தாள் கட்டுகள், நடுவில் அவருடைய கடிதம்.

"உட்காருங்க. இதை நீங்கதானே எழுதினீங்க?"

"ஆமா டீச்சர்."

"'காய்ச்சல் காரணமாக வரும் புதன் முதல் வெள்ளி வரை.' இன்னைக்குத் திங்கக்கிழமை. பொண்ணு கல்லு மாதிரி கிளாஸ்ல உக்காந்திருக்கா. புதன்கிழமை காய்ச்சல் வரப்போகுதுன்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சது? சொல்லிட்டு வருமா அது?"

வெல்டருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நடந்து முடிந்ததற்கு எழுதியே பழகிய கை, நடக்கப்போவதற்கும் அதையே எழுதித் தொலைத்திருக்கிறது.

டீச்சர் சிரிக்கவில்லை. "அவகிட்ட கேட்டா காரணத்தைச் சொல்ல மாட்டேங்குறா. வீட்டுல சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கன்னு ஒரே அழுகை. எனக்கு என்னென்னவோ தோணுது. வேலைக்கு எங்கயாவது அனுப்புறீங்களா? இல்ல, மாப்பிள்ளை கீப்பிள்ளை பாக்குறீங்களா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்ல டீச்சர்!"

"வெள்ளிக்கிழமை அவளுக்கு சயின்ஸ் பிராக்டிகல். அதாவது தெரியுமா?"

தெரியாது. மகள் மூச்சே விடவில்லை. சொன்னால் அம்மாவை யார் பார்ப்பது என்ற கவலையில் அதை உள்ளேயே விழுங்கியிருக்கிறாள். பரீட்சைக்கு வராமல் போனால் ஆப்சென்ட், அந்த மார்க் போனது போனதுதான். இங்கே மகளின் வருஷம், அங்கே மனைவியின் உயிர், இரண்டுக்கும் நடுவே இந்த நாலு வரி.

தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினார். டீச்சரின் குரல் இறங்கியது.

"இதை முதல்லயே எழுதியிருக்கலாம்ல? மூணு நாள் காய்ச்சல்னா டாக்டர் சர்ட்டிபிகேட் கேப்பாங்க. உண்மையை எழுதினா பெரிய டீச்சர்கிட்ட கொண்டுபோய் அவளை வேற பேட்ச்ல போடச் சொல்லலாம். என்ன ஆபரேஷன்னு எழுத வேண்டாம். அறுவை சிகிச்சைன்னா போதும். எந்தத் தேதியிலேருந்து எந்தத் தேதி வரைக்கும், எதுக்காக, அது தெளிவா இருக்கணும்."

ஒரு வெள்ளைத் தாளை நீட்டினார். வெல்டர் தாளில் கரி படாமல் இருக்க விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி எழுதினார்.

"என் மனைவிக்கு 12ஆம் தேதி புதன்கிழமை அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. மருத்துவமனையில் உடனிருக்க வீட்டில் வேறு பெண்கள் இல்லை. ஆகவே பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் என் மகளுக்கு 12ஆம் தேதி புதன் முதல் 14ஆம் தேதி வெள்ளி வரை மூன்று நாட்கள் விடுப்பு அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்."

கையெழுத்துப் போடப்போனவரை டீச்சர் நிறுத்தினார். "திரும்ப எப்ப வருவான்னு எழுதலையே. கடைசி பேட்ச் பதினேழாம் தேதி, திங்கக்கிழமை. அதை விட்டா வேற நாள் கிடையாது. அன்னைக்கு வருவான்னு எழுதிக் கொடுத்தாத்தான் பேரை மாத்துவாங்க."

"ஒரு ரெண்டு நாள் முன்னப்பின்ன..." என்று வாய் தானாக ஆரம்பித்தது.

"முன்னப்பின்ன கிடையாதுங்க. தேதி."

பேனா தாளைத் தொட மறுத்தது. எல்லாம் நல்லபடியாக இருந்தால் சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்றுதான் டாக்டரம்மா சொன்னார். இருந்தால். அக்கா வந்துவிட்டாலும், அம்மா தேறாமல் மகள் ஆஸ்பத்திரியை விட்டு நகரமாட்டாள். அவள் திங்கட்கிழமை பள்ளிக்கு வருவாள் என்றால், அவள் அம்மா அதற்குள் பிழைத்து எழுந்து வீடு வந்திருக்கிறாள் என்று அர்த்தம். அதை இவர் எழுதி, அதனாலேயே ஏதாவது ஆகிவிட்டால்? கதவுக்கும் ஜன்னலுக்குமே தேதி சொல்லத் துணியாத மனிதர் அவர்.

"எழுதிட்டா அதுபடி நடந்துருமா டீச்சர்?"

"அது எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார் டீச்சர். "நீங்க எழுதலைன்னா அவ பரீட்சை எழுத முடியாது. அது மட்டும் தெரியும்."

அவர் கண்ணை இறுக்கி மூடித் திறந்தார். "17ஆம் தேதி திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வருவாள்." அழுத்திய அழுத்தில் பேனா முனை தாளைக் கிழிக்கப் பார்த்தது. கீழே கையெழுத்துப் போட்டார். டீச்சர் படித்துப் பார்த்து, பெரிய டீச்சர் அறைக்கு எடுத்துக்கொண்டு போனார்.

வீட்டில் மனைவி ஆஸ்பத்திரிக்குப் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். "என்னவாம்? என்ன எழுதிக் கொடுத்தீங்க?"

"உனக்கு ஆபரேஷன்னு எழுதினேன். என்ன ஆபரேஷன்னு எழுதல." மென்று விழுங்கினார். "பாப்பா பதினேழாம் தேதி ஸ்கூலுக்கு வந்துருவான்னும் எழுதிட்டேன்."

மடித்த புடவையோடு அவள் கை நின்றது. "தேதி போட்டா?"

"தேதி போட்டுத்தான்."

இருபது வருஷத்தில் அவர் ஒரு தேதி சொல்லி அவள் கேட்டதில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் கண் கலங்கியிருந்தது. புடவையைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அப்ப நான் வந்துதான் ஆகணும்" என்றாள்.