நேராக ஒட்டிய காந்தங்கள்

சிவகாசி அச்சகங்களில் மோட்டார் பழுதென்றால் அலி அக்பரைத்தான் தேடுவார்கள். கோணல் என்றாலே அவருக்கு ஆகாது. 2006இல் லேபிளுக்கு வார்னிஷ் பூசும் ஓர் இயந்திரத்தின் சின்ன மோட்டாரில், காந்தங்கள் சுழலும் பாகமான ரோட்டரைவிட்டுப் பெயர்ந்திருந்தன. அவை சாய்வாக ஒட்டியிருந்த தடம் தெரிந்தது. எவனோ ஏனோதானோவென்று ஒட்டியிருக்கிறான் என்று திட்டிக்கொண்டே நூல் பிடித்தாற்போல் நேராக ஒட்டினார்.

அதன்பின், மெதுவாக ஓட்டினால் பட்டாசு லேபிளில் வார்னிஷ் வரிவரியாக விழுந்தது. "ஓட்டுறவரு கை நடுங்குது," என்றார் அலி அக்பர். ஆபரேட்டர் ரத்தினசாமியை வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

வரி நிற்கவில்லை. அலி அக்பர் மின்சாரத்தை அணைத்து மோட்டார் தண்டைக் கையால் சுற்றினார். காந்தம் தன்னைச் சுற்றியிருந்த ஒவ்வொரு இரும்புப் பல்லிலும் சிக்கிச் சிக்கித் துள்ளியது. சாய்வாக இருந்தால் ஒரு முனை ஒரு பல்லை விடும்போதே மறுமுனை அடுத்ததைப் பிடித்திருக்கும். வரி விழுந்தது அந்தத் துள்ளலால்தான்; ரத்தினசாமியின் கையில் குற்றமே இல்லை.

காந்தங்களைச் சாய்த்து ஒட்டிவிட்டு ரத்தினசாமியின் வீட்டுக்குப் போனார்.

"வாங்க பாய். நீங்க சொன்னதுலேருந்து கைநடுக்கத்துக்கு மருந்து சாப்பிடுதேன்," என்றார் ரத்தினசாமி. "இப்பம் கொஞ்சம் தேவல."