வென்ட்வேர்த்வில்லிலிருந்து திறக்க வேண்டிய கணினி

மெல்பேர்னின் தென்கிழக்குப் புறநகர் ஒன்றில் எங்கள் சமூக வானொலியின் ஒலிப்பதிவு அறை இருக்கிறது. சனிக்கிழமை காலையில் அரை மணி நேரம் தமிழுக்கு. அந்த அரை மணி நேரத்தைப் பதினொரு வருடங்களாக ஓர் அக்கா நடத்தி வருகிறார். யாழ்ப்பாணத்துக்காரர். இந்த வருடத் தொடக்கத்தில் மகளுக்குக் குழந்தை பிறந்ததால் சிட்னிக்கு, வென்ட்வேர்த்வில்லுக்குப் போய்விட்டார். நிகழ்ச்சியை விட மனமில்லை. மகள் வீட்டிலேயே பேசிப் பதிவு செய்து மின்னஞ்சலில் அனுப்புவார். இங்கே அறையைப் பார்த்துக்கொள்ளும் அங்கிள் அதை எடுத்து, சனிக்கிழமை ஒலிபரப்பாக வேண்டிய கோப்புறையில் வைப்பார்.

அங்கிள் இரண்டு முறை பழைய கோப்பை வைத்துவிட்டார். இரண்டாவது முறை, நடந்து முடிந்த கேரம் டவுன்ஸ் கோயில் தேருக்கு "நாளை அனைவரும் வருக" என்று அக்காவின் குரல் அழைத்தது. சிலர் போயும் விட்டார்கள். நிலையத்தின் ஒருங்கிணைப்பாளர் இரண்டு வரியில் எழுதினார்: இனி நிகழ்ச்சியைத் தயாரிப்பவரே வெள்ளி நண்பகலுக்குள் கோப்பை நேரடியாக வைக்க வேண்டும், இன்னொரு தவறு நடந்தால் அந்த நேரம் காத்திருக்கும் வேறொரு குழுவுக்குப் போய்விடும்.

அதனால்தான் அக்கா என்னை அழைத்தார். நான் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவன். கோயம்புத்தூரிலிருந்து படிக்க வந்து இங்கேயே ஐம்பது வயதைத் தாண்டியவன். செய்கிற வேலையை நேரத்தோடு குறிப்பேட்டில் எழுதி வைப்பது என் பழக்கம். கீழே உள்ளது அந்தக் குறிப்புகளிலிருந்து.

புதன்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். அறையில் இருந்தது உபுண்டு இயங்குதளம் போட்ட பழைய மேசைக்கணினி. வெளியிலிருந்து உள்ளே நுழைய வேண்டுமென்றால் முதலில் கதவு ஒன்று இருக்க வேண்டும். 2.10க்கு `sudo apt install openssh-server` என்று அடித்தேன். அடுத்த நிமிடமே அந்தக் கதவு நிரல் ஓடிக்கொண்டிருந்தது. இந்த வேலையில் தொல்லை இல்லாமல் முடிந்த ஒரே பகுதி அதுதான்.

அக்கா கடவுச்சொல் இல்லாமல் சாவியால் நுழைய வேண்டும் என்பது என் திட்டம். இணையத்துக்குத் திறந்திருக்கும் கணினியில் கடவுச்சொல்லை ஊகித்துப் பார்க்க உலகம் முழுக்க ஆளில்லாத இயந்திரங்கள் வரிசையில் நிற்கின்றன. அவர் மடிக்கணினியில் ஒரு கட்டளை அடித்தால் இரண்டு கோப்புகள் உருவாகும். ஒன்று அவரிடமே இருக்க வேண்டிய சாவி. மற்றது பூட்டு மாதிரி. யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். முடிவில் .pub என்று இருக்கும். அதை மட்டும் அனுப்பச் சொன்னேன். "மட்டும்" என்பதை இரண்டு முறை சொன்னேன்.

வாட்ஸ்அப்பில் இரண்டு கோப்புகள் வந்தன.

"அக்கா, .pub மட்டும்தான கேட்டேன்?"

"ஓம் தம்பி. ஒண்டு போதாட்டி எண்டுதான் மற்றதையும் போட்டனான். உங்களுக்குத்தானே அனுப்பினனான், வேற ஆருக்கும் இல்லையே."

"அது உங்க வீட்டுச் சாவி. யாருக்கும் தரக்கூடாது. எனக்கும்தான்."

"நான் சிட்னிக்கு வெளிக்கிடேக்க வீட்டுத் திறப்பையே பக்கத்து வீட்டு ஆக்களிட்டைக் குடுத்திட்டுத்தானே வந்தனான்."

அந்த ஜோடியையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கச் சொன்னேன். அவருக்கு வருத்தம். பதினேழு நிமிடங்கள் கழித்துச் சரியான கோப்பு வந்தது. அறைக் கணினியில் நிகழ்ச்சிக்கென்று இருந்த பயனர் கணக்கில், அதற்குரிய இடத்தில், authorized_keys என்ற கோப்பில், ஒரே வரியாகச் சேர்த்தேன்.

அடுத்தது ஃபயர்வால். அதை இயக்குவதற்கு முன்னால் யாரை விடலாம் என்ற விதியை எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் எல்லோரையும் வெளியே நிறுத்திவிடும். இரண்டே இரண்டு முகவரிகளை அனுமதித்தேன்: சிட்னியில் தான் இருக்கும் வீட்டு இணையத்தின் முகவரி என்று அக்கா பார்த்துச் சொன்னது ஒன்று, என் வீட்டினுடையது ஒன்று. இரண்டுக்கும் 22ஆம் போர்ட், அதாவது நான் திறந்த அந்தக் கதவு மட்டும். வெளியிலிருந்து அந்தப் போர்ட்டுக்கு வருவதை இந்தக் கணினிக்குத் திருப்பும்படி ரவுட்டரிலும் அமைத்தேன். பிறகு ஃபயர்வாலை இயக்கிவிட்டு, "இப்ப முயற்சி பண்ணுங்க" என்றேன்.

"தம்பி, சும்மா நிக்குது." சற்று நேரம் கழித்து, "டைம்ட் அவுட் எண்டு சொல்லுது."

பதிலே வராமல் போவதென்றால் ஃபயர்வால் தடுக்கிறது. நான் எழுதிய முகவரியை ஒவ்வோர் எண்ணாகச் சரிபார்த்தேன். பிழையில்லை. அவரிடம் கேட்டேன்: "இந்த முகவரியை எதுல பார்த்தீங்க?"

"போனிலதான்."

"போன் வீட்டு வைஃபைல இருந்துச்சா?"

"இல்லை, வைஃபையை நிப்பாட்டி வைச்சிருக்கிறன். பிள்ளை நித்திரை, அதுக்குக் கதிர்வீச்சுக் கூடாதாம்."

ஆக அவர் தந்தது கைபேசி நிறுவனத்தின் முகவரி. வயரில் இணைத்திருந்த மடிக்கணினியிலேயே பார்த்துச் சொல்லச் சொல்லி, பழைய விதியை நீக்கிப் புதியதைப் போட்டேன். 3.35. இந்த முறை பதில் உடனே வந்தது: அனுமதி மறுப்பு. ஃபயர்வால் விட்டுவிட்டது, சாவியை ஏற்கவில்லை.

என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அங்கிள் கேட்டார்: "என்ன தம்பி, உங்கட பூட்டு உங்களையே உள்ளுக்கு விடுதில்லையோ?"

கணினியின் பதிவேட்டைத் திறந்தேன். காரணம் அங்கே தெளிவாக இருந்தது. நிகழ்ச்சிக் கணக்கின் வீட்டுக் கோப்புறையில், அதாவது அந்தக் கணக்கின் கோப்புகள் எல்லாம் இருக்கும் இடத்தில், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று அனுமதி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் எழுதக்கூடிய வீட்டுக்குள் இருக்கும் சாவிப் பட்டியலை அந்த நிரல் நம்பாது. வேறொருவர் தன் சாவியைச் சொருகிவிட்டுப் போகலாம் அல்லவா? அதனால் மறுக்கிறது. சரியான காரியம்தான்.

"அங்கிள், இதை யார் எல்லாருக்கும் திறந்துவிட்டது?"

"நான்தான். பஜனைக்கார ஆக்கள் தங்கட கணக்கிலயிருந்து பாட்டுப் போடேலாமல் நிண்டவை. ஒரு பெடியன் சொல்லித் தந்தவன், ஏழு ஏழு ஏழு எண்டு அடிச்சால் எல்லாம் திறக்கும் எண்டு. எல்லாரும் எங்கட ஆக்கள்தானே. பிறகேன் பூட்டுவான்?"

இந்த அறையில் எல்லாமே அப்படித்தான். வாசல் சாவி பூந்தொட்டிக்கு அடியில். கணினியின் கடவுச்சொல் திரையின் ஓரத்தில் மஞ்சள் தாளில். வருகிறவர் எவரும் பிஸ்கட் டின்னைத் திறக்கலாம். இந்த நம்பிக்கையில்தான் இந்த அரை மணி நேரம் இத்தனை காலம் ஓடியிருக்கிறது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நான் பொருத்திய நிரலுக்குத் தெரியாது.

`chmod 755 ~` என்று அடித்து, உரிமையாளரைத் தவிர மற்றவர்கள் எழுத முடியாதபடி செய்தேன். பஜனைக் குழுவுக்கென்று வெளியே தனியாக ஒரு பொதுக் கோப்புறையை உருவாக்கி, அங்கிளையும் அதில் ஒரு பாட்டைப் போட்டுப் பார்க்க வைத்தேன். 4.20க்கு அக்கா உள்ளே வந்தார். "ஐயோ, வந்திட்டன்!" என்று அவர் கத்தியதில் குழந்தை எழுந்துவிட்டது. அவர் உள்ளே இருக்கும்போதே கடவுச்சொல்லால் நுழைவதை முடக்கி, அமைப்புக் கோப்பில் பிழையில்லை என்று சோதித்து, சேவையை மறுபடி தொடங்கி, இன்னொரு சாளரத்திலிருந்து அவரைத் திரும்ப நுழையச் சொன்னேன். நுழைந்தார். எனக்கு நிர்வாகக் கணக்கு ஒன்றை உருவாக்கி அதில் என் சாவியையும் வைத்துவிட்டு, 5.05க்குக் குறிப்பேட்டை மூடினேன்.

வெள்ளிக்கிழமை 11.20க்கு அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தபோது அக்கா அழைத்தார். வெளியே வந்து எடுத்தேன்.

"தம்பி, திரும்பவும் விடுதில்லை. பன்னிரண்டுக்குள்ள வைக்க வேணும்."

"என்ன வருது, டைம்ட் அவுட்டா?"

"இல்லை. பெர்மிஷன் டினைட்."

அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஃபயர்வாலில் தவறில்லை. உள்ளே யாரோ வீட்டுக் கோப்புறையை மறுபடி எல்லோருக்கும் திறந்து போட்டிருக்கிறார்கள். என் கணினியிலிருந்து நுழைந்து சரிசெய்யலாம் என்று கட்டளையை அடித்தேன். சும்மா நின்றது. நான் அனுமதித்தது என் வீட்டு முகவரியை. அலுவலகத்தினுடையதை அல்ல. என் விதி என்னை மிகச் சரியாகத் தடுத்தது. அறைக்குக் காரில் போக ஐம்பது நிமிடம்.

11.27. அங்கிளை அழைத்தேன்.

"அங்கிள், இன்னிக்கு கம்ப்யூட்டர்ல என்ன பண்ணினீங்க?"

"நான் ஒண்டும் செய்யேல்லையே. பஜனைப் பாட்டு நிகழ்ச்சிக்குள்ள போகேல்லை, அதுக்கு ஏழு ஏழு ஏழு அடிச்சனான். அவ்வளவுதான்."

"புதுக் கோப்புறை காட்டினேனே?"

"அது எங்க எண்டு மறந்து போச்சு. இது பாடமாய்க் கிடக்கு."

"சரி. அந்தக் கருப்புச் சாளரத்தைத் திறங்க. நான் சொல்றதை மட்டும் அடிங்க. சி ஹெச் எம் ஓ டி. இடைவெளி."

"சின்ன எழுத்தோ பெரிய எழுத்தோ?"

"எல்லாம் சின்னது. ஏழு, அஞ்சு, அஞ்சு. இடைவெளி. அப்புறம் அலை மாதிரி ஒரு குறி, ஒன்றாம் எண்ணுக்கு இடப்பக்கம்."

"ஒண்டுக்கு இடப்பக்கம் ஒரு கோடு சரிஞ்சு கிடக்குது தம்பி."

"அதே பட்டன்தான். ஷிஃப்டை அமுக்கிட்டு அடிங்க."

"ஓம், வந்திட்டுது. பாம்பு மாதிரி."

"முழுசும் படிச்சுக் காட்டுங்க." படித்தார். ஓர் ஐந்து கூடுதலாக இருந்தது. அழிக்கச் சொன்னேன். மீண்டும் படித்தார். "இப்ப என்டர்."

"ஒண்டும் நடக்கேல்லை."

"ஒண்ணும் சொல்லாம இருந்தா நடந்திருச்சுன்னு அர்த்தம். இனிமே எதையும் தொடாதீங்க. தயவுசெஞ்சு."

11.41க்கு அக்காவின் செய்தி வந்தது: உள்ளே வந்துவிட்டார். 11.46க்குக் கோப்பு உரிய இடத்தில் இருந்தது. அதன் பெயரிலும் அதன் உள்ளே அறிவிப்புகளிலும் தேதி சரிதானா என்று அவரையே கேட்டேன். சரியென்றார். 11.50க்கு ஒருங்கிணைப்பாளர் பெற்றுக்கொண்டதாக எழுதினார். கூட்டத்துக்குத் திரும்பியபோது எல்லோரும் மடிக்கணினிகளை மூடிக்கொண்டிருந்தார்கள். என் பங்கை என் கீழ் வேலை செய்கிற பெண் சொல்லி முடித்திருந்தாள்.

அன்று மாலையே நிகழ்ச்சிக் கணக்கின் சாவிப் பட்டியலை நிர்வாகி மட்டுமே மாற்றக்கூடிய ஓர் இடத்துக்கு நகர்த்தி, அங்கேயே பார்க்கும்படி அமைப்புக் கோப்பில் எழுதினேன். இனி யார் அந்த வீட்டுக் கோப்புறையை எத்தனை ஏழு போட்டுத் திறந்தாலும் சாவி கெடாது. இதைப் புதன்கிழமையே செய்திருக்க வேண்டும். என் பிழை. குறிப்பேட்டில் அப்படியே எழுதியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை அரை மணி நேரத்தையும் கேட்டேன். நிகழ்ச்சி சரியான நிகழ்ச்சிதான். அறிவிப்புகளில் எதுவும் நடந்து முடிந்ததில்லை. முடிந்ததும் அங்கிளை அழைத்து, அந்த அரை மணி நேரம் நம் கையிலேயே இருக்கிறது என்றேன்.

"எனக்குத் தெரியுமே தம்பி," என்றார். "நேற்று நானெல்லோ திறந்து விட்டனான்."