சளி மருந்தும் அறுபத்திரண்டும்

என் மகளுக்கு அப்போது ஏழு வயது. திண்டிவனத்தில் இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறினாள் என்று பள்ளியிலேயே அறிவுத்திறன் சோதனைக்கு ஏற்பாடு செய்தார்கள். சோதித்தவர் வெளியூர்க்காரர். சாப்பாட்டுக்குப் பிறகு, பழைய பாய்கள் அடுக்கிய அறையில், முக்கால் மணி நேரம். வந்த அறிக்கையில் அறுபத்திரண்டு என்று ஒரு எண் இருந்தது. சராசரி நூறாம். அதற்குக் கீழே, "குழந்தை நன்கு ஒத்துழைத்தது."

தலைமை ஆசிரியை அதை என் பக்கம் தள்ளினார். "தப்பா எடுத்துக்காதீங்க. இதுக்குன்னு தனி ஸ்கூல் இருக்குங்க. அடுத்த வருஷம் அங்க பாத்துக்குங்க."

அவர் குரலில் இருந்த நிம்மதியை நினைத்தால் இன்றும் அருவருப்பாக இருக்கிறது. எங்கள் வீட்டுக் கழிவை வேறு தெருவில் கொட்டச் சொல்வதுபோல் இருந்தது. ஆனாலும் நான் "சரிங்க மேடம்" என்றுதான் சொன்னேன். வீட்டுக்கு வந்து, ஒருவேளை உண்மையாகத்தான் இருக்குமோ என்று அவள் சாப்பிடுவதை, செருப்பு மாட்டுவதை எல்லாம் சந்தேகத்தோடு பார்த்தேன். பெற்ற பிள்ளையை அப்படிப் பார்த்த அந்த ஒரு வாரமும் அருவருப்பானது.

பிறகு விழுப்புரத்தில் ஒரு உளவியலாளரிடம், பள்ளி இல்லாத சனிக்கிழமையாகப் பார்த்து நேரம் வாங்கினேன். அவர் அறிக்கையோடு இருந்த விடைப் பதிவின் நகலை நிதானமாகப் பார்த்தார்.

"பாருங்கம்மா. ஈஸியான கேள்விய விட்டிருக்கா, அதவிட கஷ்டமானதுக்குக் கரெக்டா சொல்லியிருக்கா. அப்புறம் வரிசையா 'தெரியாது, தெரியாது'. ஒரு புள்ளைக்கு நெஜமாவே தெரியலன்னா பெரும்பாலும் இப்பிடித் தாறுமாறா வராது. இத வெச்சு மட்டும் முடிவு சொல்ல முடியாது. ஆனா அன்னைக்கு அவ முயற்சி பண்ணித்தான் பதில் சொன்னாளான்னு, கேக்க வேண்டிய கேள்விய யாரும் கேக்கல."

அதே சோதனையை இவ்வளவு சீக்கிரம் திரும்பச் செய்தால் பழகிய கேள்விகள் கணக்கைக் கெடுக்கும், வேறொன்று செய்யலாம் என்றார். அதற்கு முன் ஒரு விளையாட்டு. இருபது படங்களைக் காட்டினார். பிறகு இரண்டிரண்டாக வைத்து, முன்பு பார்த்தது எது என்று தொடச் சொன்னார். பார்வைக்குக் கடினம்போல் இருந்தாலும் மிகச் சுலபமானதாம். அறிவுத்திறன் குறைந்த குழந்தைகளில்கூடப் பெரும்பாலோர் நன்றாகச் செய்துவிடுவார்களாம்.

மகள் மேசையில் கன்னத்தை வைத்துக்கொண்டு, பார்க்காமலே இடதுபக்கப் படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தாள். பதினொன்று சரி. கண்ணை மூடித் தொட்டாலும் பத்து வரும்.

"தூங்குறியா பாப்பா?"

"இல்ல மிஸ், முழிச்சிக்கினுதான் இருக்கேன்" என்றாள், கொட்டாவியோடு.

சோதனைக்கான பொருட்கள் இருந்த பெரிய பெட்டியை அவர் திறக்கவே இல்லை. "இன்னைக்கு டெஸ்ட் இல்லம்மா."

எனக்குக் கோபம் வந்தது. "ஒரு நம்பராவது சொல்லுங்க மேடம். ஸ்கூல்ல கேப்பாங்க."

"இந்த நெலமையில வர்ற நம்பர் அவளோட நம்பர் இல்ல. அவ நடிக்கிறான்னும் நான் சொல்லல. முயற்சி இல்லன்னு மட்டும்தான் இது காட்டும், ஏன்னு காட்டாது. அத உங்ககிட்டதான் கேக்கணும். காலையில சாப்ட்டாளா? மருந்து ஏதாச்சும்?"

சாப்பிட்டாள். மருந்து, சளி மருந்துதான். டாக்டரம்மா முன்னால் மூக்கு ஒழுகிக்கொண்டு உட்காரக் கூடாதே என்று பஸ் ஏறும் முன் ஒரு மூடி ஊற்றினேன்.

"தூக்கம் வர்ற மருந்தாச்சே. ஸ்கூல்ல டெஸ்ட் பண்ண அன்னைக்கு?"

அன்றும்தான். முந்தின இரவு காய்ச்சல். லீவு போட்டால் ஒருநாள் கூடத் தவறாதவர்களுக்கான கோப்பை போய்விடும். அதனால் காலையில் ஒரு மூடி, சாப்பாட்டு நேரத்தில் கொடுக்கச் சொல்லிப் பள்ளி ஆயாவிடம் இன்னொரு மூடி. சொல்லும்போதே அந்த மருந்தின் ஆரஞ்சு வாசனை தொண்டைக்குள் வந்தது. தலைமை ஆசிரியை மேல், அந்தச் சோதனைக்காரர் மேல் இருந்த அருவருப்பெல்லாம் திரும்பி என்மேல் ஏறி உட்கார்ந்தது. அன்றும் அவள் கொட்டாவி விட்டிருப்பாள், அதை எதிரில் பார்த்தும் சோதித்தவர் "ஒத்துழைத்தது" என்று எழுதினார், சரி. மருந்தை ஊற்றியது யார்?

இரண்டு வாரம் கழித்து மருந்தில்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு போனாள். படவிளையாட்டில் இருபதும் சரி. இரண்டு சனிக்கிழமைக் காலைகளில் சோதனை நடந்தது. நடுவில் முகம் வாடியபோதெல்லாம் உளவியலாளர் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தார். எண் சராசரியில் வந்தது. வாசிப்பில் மட்டும் நிஜமான சிரமம் இருந்தது. அதற்குத் தனிப் பயிற்சி தேவை என்றும், முதல் எண்ணை நம்ப முடியாது என்றும் எழுதிக் கொடுத்தார்.

தலைமை ஆசிரியை படித்துவிட்டு, "அப்போ அன்னைக்கு நடிச்சிருக்கா" என்றார்.

"இல்ல மேடம். நான் மருந்து குடுத்துத் தூங்க வெச்சிருக்கேன். நீங்க தூங்குற புள்ளைக்கு டெஸ்ட் வெச்சிருக்கீங்க."

மகள் அதே பள்ளியில்தான் படிக்கிறாள். ஆண்டு விழாவில், ஒருநாள்கூடத் தவறாததற்கான அந்தக் கோப்பையும் கிடைத்தது. டிவி பக்கத்தில் வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம் எடுத்துக் காட்டுகிறாள். தூசி துடைக்கும்போது அதை மட்டும் நான் தொடுவதில்லை.