பாதி வெள்ளைத் தாள்

மதிப்பெண் குறைந்தால் ‘பெற்றோர் கவனிக்கவும்’ என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் வேலை முடிந்தது. கவனித்து என்னத்தைச் செய்வார்களாம்? மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் நீரஜாவுக்கு அந்த வரியைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவள் உட்கார்ந்து கடிதம் எழுதுவாள். மற்ற டீச்சர்கள் கேலி செய்வார்கள். செய்துகொள்ளட்டும்.

அவள் வகுப்பில் படிக்கும் தமிழ்மொழி என்ற சிறுமி கணக்குத் தேர்வில் இருபதுக்கு ஏழு வாங்கியபோதும் எழுதினாள்.

“பத்துக் கணக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மதிப்பெண். இரண்டு முழுக்கச் சரி, நான்கு. மூன்று கழித்தல்களில் விடை தவறு. வழிமுறைக்குத் தலா ஒரு மதிப்பெண் கொடுத்திருக்கிறேன். 503இல் 278 போனால் 225. இவளுக்கு 235 வருகிறது. நடுவில் இருக்கும் பூஜ்யம் பக்கத்தில் கடன் வாங்கிப் பத்தாகிறது. அதிலிருந்து ஒன்றைக் கொடுத்தபின் ஒன்பதாக வேண்டும். இவள் பத்தாகவே விடுகிறாள். நடுவில் பூஜ்யம் வரும் கழித்தல்களைத் தினம் கொஞ்சம் போடட்டும். விடையோடு கழித்த எண்ணைக் கூட்டிச் சரிபார்க்கச் சொல்லுங்கள். மீதி ஐந்து கணக்கு எழுதவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது பாதி நேரம் போய்விட்டது.”

கடைசி இரண்டு வரிகளை நேர்மைக்காகத்தான் சேர்த்தாள்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அப்பா பொன்னுரங்கம் வந்து நின்றார். லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். ஆற்றோரக் குடிசையை அரசாங்கம் இடித்து, ஊருக்கு வெளியே தொலைவில் இருக்கும் பெரும்பாக்கத்தில் வீடு கொடுத்த பிறகும் மகளை இந்தப் பள்ளியிலிருந்து எடுக்கவில்லை. அம்மா முத்தம்மா பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கும் ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வீட்டு வேலைக்கு வரும்போது பஸ்ஸில் கூட்டி வருவாள்.

“டி.சி. வாங்கினு போய் எங்க வூட்டாண்ட ஸ்கூல்ல சேத்துடலாம்னு வந்தேன் டீச்சர்.”

நீரஜா பாதிச் சாப்பாட்டில் எழுந்தாள். “ஐயோ, நான் அதுக்கு எழுதலைங்க! இது சின்னத் தப்பு, பழகினா சரியாயிடும்.”

“கணக்குத் தப்ப நான் பழக்கிடுவேன். நேத்தே ஒக்காந்து போட்டோம், கரீட்டா வருது. பாதி பேப்பர் வெள்ளையா கீதே, அது பஸ்ஸோட தப்பு. அத எங்க போய்ப் பழக்கறது?”

“டெஸ்ட்டை மத்தியானம் வெச்சுடறேன்.”

“டெஸ்ட்ட மாத்துவீங்க. தெனம் மொத பீரியட் கணக்கு. அது பாதி போன அப்புறம்தானே டீச்சர் உள்ள வருது?”

தினமும் வியர்த்து வந்து நின்ற பிள்ளையிடம் “சீக்கிரம் உட்காரு” என்று சொன்னதைத் தவிர நீரஜா எதுவும் கேட்டதில்லை. நினைக்க அவமானமாக இருந்தது.

“இங்கதான் படிக்கணும்னு முத்தம்மா ஒத்தக்கால்ல நின்னுகினு இருந்துச்சு. உங்க லெட்டரப் படிச்சுக் காட்டினேன். அப்புறம் ஒண்ணும் பேசல. திட்டிருந்தீங்கன்னா சண்ட போட்டிருப்போம். இவ்ளோ வெளக்கமா எழுதிட்டீங்க.”

“அங்கே நல்லா பாத்துப்பாங்களா?” என்றாள், என்ன கேட்கிறோம் என்றே தெரியாமல்.

“தெரியல டீச்சர். அந்த ஸ்கூல் டீச்சருக்கு இதே மாதிரி ஒண்ணு எழுதிக் குடுக்கறீங்களா? பாப்பாவுக்கு இன்னா வரும், இன்னா வராதுன்னு. லேட்டா வரும்ன்றத மட்டும் எழுத வேணாம்.”

நீரஜா தாளை எடுத்தாள். ‘நடுவில் பூஜ்யம் வரும் கழித்தல் இப்போது வரும்’ என்று முதல் வரியை எழுதினாள்.