கல்லுக்கால்

சங்கு குளிக்கிறவனுக்கு இரண்டு காலும் ஒன்றல்ல. ஒன்று வெறுங்கால், மற்றது கல்லுக்கால். கயிற்றில் கட்டிய கல்லின் மேல் ஒரு பாதத்தை ஊன்றி, பெருவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே கயிற்றைக் கவ்விக்கொண்டுதான் அவன் தோணியிலிருந்து கடலடிக்கு இறங்குவான். எந்தக் காலை முதல்நாள் வைத்தானோ அதுதான் ஆயுசுக்கும் கல்லுக்கால். கபிரியேல் ரோச்சுக்கு அது வலது கால்.

அந்தக் கால் வீங்கியபோது ஒருவரும் கண்டுகொள்ளாததற்கு இதுதான் காரணம். "கல்லுக்கால் தடிக்கத்தான செய்யும்" என்று கடற்கரையில் எல்லாரும் சொன்னார்கள். கல்லை மிதித்து மிதித்து உரம் ஏறியிருக்கிறதாம். ரோச்சும் அதை நம்பினார். நம்பியதோடு விட்டாரா, வேட்டியை மடித்துக் கட்டி அந்தக் காலைக் காட்டிக்கொண்டு வேறு திரிந்தார். இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். நான் தூத்துக்குடிச் சங்குக் கிடங்கில் குமாஸ்தா. கரைக்கு வரும் சங்கைத் துளைப்பலகையில் விட்டுப் பார்த்து, துளைக்குள் நழுவி விழும் பொடிச்சங்கைக் கடலுக்கே திருப்பி அனுப்புவது என் உத்தியோகம். ரோச் கொண்டுவரும் கூடையில் பொடி அபூர்வம். அதனால் அந்த ஆளை எனக்குப் பிடிக்கும். அவருடைய அறிவைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் வீக்கம் சாயங்காலம் வரும், விடிந்தால் வடிந்துவிடும். பிறகு விடிந்தும் வடியவில்லை. வருஷத்தில் மூன்று நான்கு தடவை குளிர்காய்ச்சல் தூக்கிப் போடும். தொடையிடுக்கில் நெறி கட்டும், அங்கேயிருந்து கால் நெடுகச் சிவப்பாக ஒரு கோடு இறங்கும், தொட்டால் அனலாய்க் கொதிக்கும். நாலைந்து நாளில் காய்ச்சல் விட்டுவிடும். ஆனால் வந்த வீக்கத்தில் கொஞ்சத்தைக் காலிலேயே விட்டுவிட்டுத்தான் போகும். அவர் மனைவி பிலோமினா கசாயம் வைத்தாள், எண்ணெய் போட்டு உருவிவிட்டாள், மாதாவுக்கு மெழுகுவர்த்தி நேர்ந்தாள். சங்கு குளிக்கும் பருவம் மூன்று இப்படிப் போயிற்று. கணுக்காலில் மடிப்பு விழுந்தது. தோல் தடித்து, சொரசொரத்து, உரம் என்று சொன்னவர்களே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்படி ஆனது.

"ஓய், இது உரமா? கண்ணைத் திறந்து பாரும்" என்று ஒருநாள் கத்திவிட்டு, டாக்டர் கிருபாநிதியிடம் நானே இழுத்துக்கொண்டு போனேன். அவர் கும்பகோணம் பக்கம் பல வருஷம் வேலை பார்த்து, இப்படிப்பட்ட கால்களையே பார்த்து அலுத்தவர். தூத்துக்குடிக்கு வந்தும் விடவில்லை பாரும் என்று சிரித்துக்கொண்டே காலைப் பிடித்தார்.

முகம் காலையில் வீங்குமா, மூச்சு வாங்குமா என்று கேட்டார். மூத்திரத்தைச் சோதித்தார். நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். இருதயத்தாலோ சிறுநீரகத்தாலோ வருகிற வீக்கம் அநேகமாக இரண்டு காலிலும் வரும், இது ஒரே காலில் அல்லவா வந்திருக்கிறது என்றார். கட்டைவிரலால் கணுக்காலை அமுக்கினார், குழி விழவில்லை. இடது காலில் இரண்டாம் விரல் தொடங்கும் இடத்தில் மேல்தோலைக் கிள்ளித் தூக்கினார், வந்தது. வலது காலில் கிள்ளினார். தோல் விரலுக்குள் சிக்கவே இல்லை.

"யானைக்கால்" என்றார்.

ரோச் என்னைத்தான் முறைத்தார், நான்தான் அந்த வியாதியை வாங்கிக் கொடுத்தவன் மாதிரி.

இந்த வியாதியை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும் என்பதால், ஊர் அடங்கியபின் வரச்சொல்லி விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். கண்ணாடித் துண்டில் ஒன்றும் தெரியவில்லை. ரோச்சுக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்கணுமே! "புழுவே இல்லையாம்லா" என்று தெருவுக்கெல்லாம் சொல்லிவிட்டார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"கால் இந்த லெச்சணத்துக்கு வந்த பொறவு ரத்தத்துல குஞ்சு தெரியாமப் போறது சகஜம்வே. கொசு கடிச்சுப் புழு ஏறினது எந்தக் காலத்துலயோ. உடம்புல நிணநீர் ஓடுத சின்னச்சின்னக் குழாய் இருக்கு. அதுக்குள்ள இருந்து அதைக் கெடுத்துட்டுப் புழு செத்தும் போயிருக்கும். சாக்கடை தூர்ந்துபோனா தண்ணி தெருவுல நிக்கும்லா, அதே கததான். குழாயை என்னால புதுசா மாட்ட முடியாது."

"அப்போ இதுக்கு மருந்தே கெடையாதா?" என்றார் ரோச்.

"பழைய காலைத் தருத மருந்து கெடையாது. மோசமாகாமப் பாத்துக்கிட ஒரு வழி உண்டு." டாக்டர் ரோச்சின் கால்விரல்களை விரித்துக் காட்டினார். கயிறு கவ்வும் இடுக்கில் வெள்ளையாக ஊறி வெடித்துக் கிடந்தது. "காய்ச்சல் வாரது இந்த வாசல் வழியாத்தான். இது வழியாக் கிருமி உள்ள பூருது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வீக்கம் ஒரு படி ஏறும். அதனால காலைச் சுத்தமா வச்சிக்கிடும், கழுவும்."

இங்கேதான் ரோச் தன் புத்தியைக் காட்டினார். கழுவு என்றால், நாள் முழுக்கக் கடலுக்குள் கிடக்கிறவன் இதற்கு மேல் என்னத்தைக் கழுவுவது? உப்புத்தண்ணீர் எல்லாப் புண்ணையும் ஆற்றும் என்பது அவர் பிறந்த நாளிலிருந்து கேட்ட வேதம். ஒரு நாளைக்கு நாற்பது தடவை கழுவுகிறேன் என்று பெருமையாக வேறு சொன்னார். கால் ஈரத்திலேயே ஊறியது, இடுக்கைக் கயிறு அறுத்தது.

அந்தப் பருவத்தில் ஒருநாள் விடியும்போதே அவருக்குத் தொடையிடுக்கு வலித்திருக்கிறது. வாயைத் திறக்காமல் தோணியேறினார். கயிறு பிடிப்பவர் அவருடைய மச்சான், பிலோமினாவின் அண்ணன் தொம்மை வாஸ். கடலடியில் இருக்கிறவனின் உயிர் மேலே கயிறு பிடிப்பவன் கையில். அதனால் மனைவியின் உடன்பிறந்தானைத்தான் பிடிக்க விடுவார்கள். தங்கச்சி தாலியை அறுக்க எவனுக்கு மனசு வரும்? ரோச் ஐந்தாம் முறை இறங்கினார். அடியில் குளிர் நடுக்கம் பிடித்துக்கொண்டது. கயிற்றைச் சுண்டி அடையாளம் கொடுக்கக் கை வரவில்லை. கயிறு கையில் பேசுகிற பேச்சு சரியில்லை என்று தொம்மைக்குப் பட்டதும், அடையாளத்துக்குக் காத்திராமல் வாரி இழுத்துவிட்டார். மேலே வந்தபோது ரோச்சின் பற்கள் தந்தியடித்தன.

டாக்டர் கிருமியைக் கொல்லும் சல்பா மாத்திரை கொடுத்து, காலைத் தலையணை மேல் தூக்கிவைத்து, காய்ச்சல் விடுகிறவரை ஒருவரும் உருவக்கூடாது என்று கண்டித்துச் சொல்லிப் படுக்கவைத்தார். எழுந்தபோது தீர்ப்பையும் சொல்லிவிட்டார். "இனி அந்த விரலிடுக்குல கயிறு படக்கூடாது. குளிச்சீருன்னா ஒருநாள் கீழேயே இருந்துருவீரு."

சங்கு குளிப்பதைத் தவிர ரோச்சுக்கு ஒரு வேலையும் தெரியாது. துறைமுகத்தில் மூட்டை தூக்க அந்தக் கால் தாங்காது. தோணியில் அவருக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம்தான். தொம்மை குளிக்கவேண்டும், ரோச் கயிறு பிடிக்கவேண்டும். தொம்மை சரி என்றார். அவர் மனைவி இசபெல் முடியாது என்றாள்.

இசபெல்லிடம் பேசுவது லேசல்ல. ரோச் அவசரப்படவும் இல்லை. பருவம் முடிந்து அடுத்த பருவம் பிறக்கும் வரை அவர் செய்ததெல்லாம் அந்தக் காலைப் பார்த்துக்கொண்டதுதான். காலையும் மாலையும் நல்ல தண்ணீரும் சவுக்காரமும் போட்டுக் கழுவுவார், விரலிடுக்கை ஒற்றித் துடைப்பார், டாக்டர் கொடுத்த களிம்பைத் தடவுவார். காலையில் கட்டிலை விட்டு இறங்குமுன் விரலிலிருந்து முழங்கால் வரை துணிப்பட்டையைச் சுற்றிக்கொள்வார். கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்தியிருந்தது. உட்கார்ந்திருக்கும்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டேயிருப்பார். போதாததற்குச் செருப்பு வேறு! குழாயடியில் பிலோமினாவுக்கும் மற்ற பெண்களுக்கும் தினம் ரகளை. "குடிக்கவே தண்ணியக் காணும், ஓம் மாப்பிள கால அபிசேகம் பண்ணுதாராக்கும்" என்பாள் ஒருத்தி. "ஆமாளா, அபிசேகந்தான். ஒனக்கென்ன போச்சு?" என்று குடத்தை முன்னே தள்ளுவாள் பிலோமினா. வீக்கம் ஓரளவு வற்றியது. காய்ச்சல் அதன்பின் ஒரு தடவைதான் வந்தது.

புதுப் பருவத்துக்கு முந்தின சாயங்காலம் ரோச்சும் பிலோமினாவும் இசபெல் வீட்டுக்குப் போனார்கள். அங்கே நடந்ததைத் தொம்மைதான் எனக்குச் சொன்னார்.

"நாளைக்கு நான் கயிறு பிடிக்கட்டுமாம்மா?" என்று ரோச் கேட்டார்.

"மாட்டேன்னு எத்தன தடவ சொல்லுதது?" என்றாள் இசபெல். "ஒங்க கயித்த எங்க வீட்டுக்காரவுக பிடிச்சாக, தங்கச்சி அறுத்துரக்கூடாதேன்னு பயந்து பிடிச்சாக. இவுகளுக்கு ஒண்ணுன்னா அறுக்கப்போறது நான். ஒங்களுக்கு என்ன நட்டம்?"

பிலோமினா குறுக்கே விழுந்தாள். "ஏன் மயினி, நீ இவுகள அண்ணேன்னுதான கூப்பிடுத? அப்போ இவுக ஒன் அண்ணந்தான?"

"கூப்பிடுத மொறையெல்லாம் கயித்தப் பிடிக்குமாக்கும்? கூடப்பொறந்தவன் கொழும்புக் கடையில கெடக்கான். அவன் இருந்தா ஒங்ககிட்ட எனக்கு என்ன பேச்சு?"

உள்ளதைத்தானே அவள் சொன்னாள். ரோச் வெளியே பார்த்தார், வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. "கால் கழுவுத நேரமாச்சு. ஒரு செம்பு நல்ல தண்ணி தாம்மா" என்றார். பிழைப்பே போகப்போகிற நேரத்தில் இந்த மனுஷனுக்குக் கால் கழுவணுமாம்! தொம்மைக்கு எரிச்சலாக வந்ததாம்.

இசபெல் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ரோச் முற்றத்தில் உட்கார்ந்து பட்டையை அவிழ்த்துச் சுருட்டினார். மடியிலிருந்த சவுக்காரத் துண்டை எடுத்து ஒவ்வொரு மடிப்பாகத் தேய்த்தார், கழுவினார். பிறகு துணியால் விரல் விரலாக, இடுக்கு இடுக்காக, அழுத்தாமல் ஒற்றினார். ஒற்றிய இடத்தை விரித்துப் பார்த்து மறுபடியும் ஒற்றினார். பேச்சையும் மறந்துவிட்டார், பக்கத்தில் ஆள் நிற்பதையும் மறந்துவிட்டார்.

இசபெல் நின்று பார்த்துக்கொண்டேயிருந்தாள்.

"இந்தக் கால் குணமாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாருல்லா?" என்று கடைசியில் கேட்டாள்.

"ஆமா."

"பொறவு எதுக்கு இந்தப் பாடு?"

"விட்டா மோசமாயிரும்லா."

"தெனமுமா?"

"தெனமுந்தான். ஒருநா விட்டாலும் அது சும்மா இருக்காதும்மா."

அவள் காலிச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நிலைப்படியில் நின்று, திரும்பாமலே சொன்னாள்: "நாளைக்கு நீங்களே பிடிங்கண்ணே. ஆனா அவுக மேல வார வரைக்கும் கொட்டாவிகூட விடக்கூடாது, ஆமா!"