அப்பாவின் கையெழுத்தில் ஒரு விண்ணப்பம்

பதுளை பசாரில் எங்களுடையது இரும்புச் சாமான் கடை. மண்வெட்டி, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தி, ஆணி, கம்பி, கொழுந்து பறிக்கிறவர்கள் இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்கு, எல்லாம் இருக்கும். அண்ணனும் நானும் பங்காளிகள். பங்காளி என்று பதிவுப் பத்திரத்தில்தான் இருக்கிறது. நடைமுறையில் அவர் முதலாளி, நான் அவருக்குத் தம்பி.

அண்ணனுக்குப் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்தபோது, இனிக் கடையை அவர் விட்டுவிடுவார் என்று ஊரே நினைத்தது. அவர் விடவில்லை. பக்கத்து ஊரான ஹாலிஎலவில், வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே, இடது கையில் போனைப் பிடித்துக்கொண்டு கடையை நடத்தினார். கடைக்குள் ஆறு கமரா. பின்னறையில் ஒரு கணினி. பில், சரக்கு இருப்பு எல்லாம் அதில்தான். இரண்டையும் வீட்டிலிருந்தே பார்க்க ஒருவர் வழி செய்து கொடுத்திருந்தார். எல்ல ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்து, இப்போது ஊவா மாகாணம் முழுக்கக் கமரா பூட்டித் திரிகிற கெட்டிக்காரர். அண்ணன் எதையாவது பார்த்துவிட்டால் உடனே அழைப்பு வரும். "அந்த வாளிய... வெயில்ல... வைக்காத." "வந்தவருக்கு... நாற்காலி போடு." எனக்கு ஐம்பத்தொரு வயது. நாற்காலி போடவும் தெரியாதவனா நான் என்று உள்ளுக்குள் கொதிக்கும். "சரிண்ணே" என்று மட்டும் சொல்வேன்.

பிறகு தொலைபேசிக் கம்பனிக்காரர்கள் பழைய செம்புக் கம்பி இணைப்பைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி இழை போட்டார்கள். இணையம் பறந்தது. அண்ணனின் போனில் மட்டும் கமரா வரவில்லை. கறுப்புத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

கமராக்காரர் வந்து ரவுட்டருக்குள் புகுந்து பார்த்தார். ரவுட்டர் தன் முகவரி என்று ஒரு எண்ணைக் காட்டியது. வெளியே ஒரு இணையதளத்தில் பார்த்தால் வேறு எண். இரண்டும் ஏன் ஒன்றாக இல்லை என்று கேட்டேன். அவர் சொன்னது எதுவும் எனக்கு ஏறவில்லை. கடைசியில் மேசையில் சாய்ந்துகொண்டு பொறுமையாகச் சொன்னார்.

"மொதலாளி, எங்க லயத்துல வீட்டுக்கு நம்பர் கெடையாது. கடுதாசி எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். நாங்க வெளிய எழுதிப் போட்டா போயிரும், பதிலும் ஆபீஸ் வழியா வந்துரும். ஆனா வெளியாள் ஒருத்தர் நேரா எங்க வீட்டுக் கதவத் தட்டணும்னா முடியாது. எந்தக் கதவுன்னு அவருக்குத் தெரியாது. இப்ப ஒங்க கடையும் அப்படித்தான். பல பேருக்குச் சேத்து ஒரே பொது முகவரி. முன்ன இருந்த லைன்ல ஒங்களுக்குன்னு தனியா ஒன்னு இருந்துச்சு. அது மாறிக்கிட்டே இருந்தாலும் தொரத்திப் புடிச்சுரலாம். இப்ப தொரத்த ஒன்னுமே இல்ல."

"அப்ப என்ன செய்றது?"

"கடைக்குன்னு மாறாத பொது முகவரி ஒன்னு வேணும்னு கம்பனிக்குக் கடிதம் குடுங்க. மாசம் கொஞ்சம் கூடக் கட்டணும். அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றாரே தவிர, அந்தக் கடிதத்தை எழுத எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. என்ன கேட்கிறோம் என்றே தெரியாமல் எப்படிக் கேட்பது? தமிழில் ஒரு வரைவு எழுதினேன். உச்சியில் பிள்ளையார் சுழி போட்டேன். கடையின் பெயர், தெரு, எதிரே இருக்கும் மருந்துக்கடை வரை அடையாளம் சொன்னேன். கமராக்காரர் அதைப் படித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "வீடு தேடி வர்றதுக்கு வழி சொல்லிருக்கீங்க. அவங்களுக்குக் கணக்கு நம்பரும், எத்தன முகவரி வேணும், எதுக்கு வேணும்ங்கிறதும் போதும்." அவரே ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினார்: வணிகக் கணினி ஒன்றும் பாதுகாப்புக் கமராக்களும் வெளியிலிருந்து அணுகப்பட வேண்டும், ஒரு நிலையான பொது முகவரி தேவை, அதற்கான மாதக் கட்டணத்துக்குச் சம்மதம்.

அந்தப் பதினோரு நாளும் கடையில் எனக்கு அழைப்பே வரவில்லை. வாளி வெயிலில் கிடந்தது. ஒருநாள் மத்தியானம் பதினைந்து நிமிடம் உட்கார்ந்தபடியே தூங்கினேன். அது எவ்வளவு சுகமாக இருந்தது என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. குழப்பத்தால்தான் கடிதம் தாமதமானது என்று அண்ணியிடம் சொன்னேன். அது உண்மையா என்று அப்போதே எனக்குச் சந்தேகம் இருந்தது.

கடிதத்தைக் கடையின் பெயர் அச்சிட்ட தாளில் எடுத்து, முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டேன். என் கையெழுத்து அல்ல, அப்பாவின் கையெழுத்து. எங்கள் கடையில் அதுதான் வழக்கம். தண்ணீர், மின்சாரம், தொலைபேசி எல்லாம் அப்பாவின் பெயரில். அவர் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ராசியான பெயர், மாற்ற வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். விண்ணப்பம் ஏதும் கொடுக்க நேர்ந்தால் அப்பா போட்டமாதிரியே போட்டுவிடுவோம். அந்தச் சுழிப்பை எனக்கு அண்ணன்தான் பழக்கினார். அதை நாங்கள் தப்பு என்று நினைத்ததே இல்லை. கடைக் கையெழுத்து என்றே சொல்வோம்.

கம்பனி அலுவலகத்தில் இருந்தது யாழ்ப்பாணத்துப் பெண். கடிதத்தையும் கணினித் திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பெயர்க்காரர் நீங்களோ ஐயா?"

"ஆமாங்க" என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அடையாள அட்டை இலக்கம் முப்பத்தேழிலயெல்லோ துவங்குது. அப்ப உங்களுக்கு வயசு எண்பத்தஞ்சு தாண்டியிருக்கவேணும்." என் தலையைப் பார்த்தார். சாயம் போட்ட தலை. "நல்லாத்தான் இருக்கிறியள்" என்றார், முகம் மாறாமல்.

பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம் என்பது இந்த நாட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அது எப்படி மறந்துபோனது என்றுதான் தெரியவில்லை. உண்மையைச் சொன்னேன். அவர் கடிதத்தைத் திருப்பித் தந்தார்.

"செத்தவருக்கு நாங்கள் முகவரி குடுக்கேலாது ஐயா. முதல்ல பெயர் மாத்தவேணும். மரணச் சான்றிதழ், வியாபாரப் பதிவு, உங்கட அடையாள அட்டை கொண்டுவாங்கோ. பதிவில இன்னொரு பங்காளியும் இருக்கிறாரெண்டால் அவரின்ர சம்மதக் கடிதமும் வேணும். பிறகு மாதக் கட்டணத் திட்டத்தை வணிகப் பொதிக்கு மாத்தி, புதுக் கணக்குக்காரர் தன்ர கையெழுத்தோட இந்தக் கடிதத்தைத் திரும்பத் தரவேணும்."

வெளியே வந்து பேருந்து நிலையத்துப் பக்கமாக நடந்தேன். கமரா தெரிய வேண்டும் என்று கிளம்பியவன் அப்பாவின் மரணச் சான்றிதழைத் தேடப் போகிறேன். ஒன்றுக்கும் மற்றதுக்கும் என்ன சம்பந்தம்? அதைவிடப் பெரிய குழப்பம், அண்ணனிடம் இதை எப்படிச் சொல்வது என்பது. யார் பெயருக்கு மாற்றுவது? அவர் பெயருக்கு என்றால் அவரால் கையெழுத்துப் போட முடியாது. என் பெயருக்கு என்றால் படுக்கையில் கிடப்பவரிடமிருந்து கடையைப் பிடுங்கிக்கொண்டது போல இருக்கும். அதனால் இன்னும் ஒரு வாரம் பேசாமலே இருந்தேன்.

அந்த வாரம் அண்ணி என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "தம்பி, அவரு சரியாச் சாப்பிடுறதில்ல. வெறும் போனத் தடவிக்கிட்டே படுத்திருக்காரு. நான் கடைக்கு வேண்டாதவனாப் போயிட்டேனான்னு என்னைக் கேக்குறாரு. நான் என்னத்தச் சொல்ல?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன், எண்பத்தைந்து வயதுக் கதை உட்பட. பேச்சு அண்ணனுக்குத் துண்டு துண்டாகத்தான் வரும்.

"உன்... பேர்ல... எழுது."

"அண்ணே, ராசி..."

"ராசி பாத்தது... நான் எந்திரிச்சு நடந்தப்ப." இடது கையை நீட்டினார். பெருவிரலை நீட்டுகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அண்ணி மைப்பெட்டி எடுத்து வந்தார். சம்மதக் கடிதத்தில் அவர் விரலை நானே பிடித்து அழுத்தினேன். பதுளை முழுக்கக் கணீரென்று குரல் கொடுத்த மனிதர்; விரல் பஞ்சு மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது, அழுதேன்.

முகவரி கேட்கும் கடிதத்தில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை வைத்தால் அப்பாவின் சுழிப்புதான் வருகிறது. இரண்டு தாளைக் கெடுத்தேன். கடைசியில் என் அடையாள அட்டையை எடுத்து, பதினெட்டு வயதில் நான் போட்ட கையெழுத்தைப் பார்த்து எழுதினேன். அதுவும் யாரோ போட்டது போலத்தான் இருந்தது.

பெயரும் பொதியும் மாறி அந்த வாரத்திலேயே நிறுவனத்திலிருந்து எண்களைக் கொடுத்தார்கள். கமராக்காரர் வந்து ரவுட்டரில் எழுதினார். இப்போது உள்ளே காட்டும் எண்ணும் வெளியே காட்டும் எண்ணும் ஒன்றாக இருந்தன. உடனே திறந்துவிடுவார் என்று பார்த்தால் இல்லை. "இனிமே ஒலகத்துல யாரு வேணும்னாலும் ஒங்க கதவத் தட்டலாம் மொதலாளி. கமராவ நேரா வெளிய காட்டப்படாது" என்று கடவுச்சொற்களை எல்லாம் மாற்றினார். ரவுட்டருக்கும் அண்ணனின் போனுக்கும் இடையே தனிப் பாதை ஒன்று போட்டு, அதன் சாவியை அந்தப் போனில் மட்டும் வைத்தார். அந்தப் பாதை வழியாக வருகிறவருக்குத்தான் கமராவும் கணினியும் தெரியுமாம். எனக்குப் பாதி புரிந்தது.

அவர் ஹாலிஎலவுக்குப் போய் வேலையை முடித்த கொஞ்ச நேரத்தில் அண்ணன் அழைத்தார். படங்கு அடுக்கியதில் கோணல், வாசலில் குப்பை, ஏதோ ஒன்று வரும் என்று தயாராக நின்றேன்.

"தம்பி... இத்தன நாளா... நான் பாக்காம... நிம்மதியா இருந்தியா?"

"ச்சே, அப்படியெல்லாம் இல்லண்ணே."



"பொய் சொன்னா... பொடனியச் சொறிவ. சின்னப் புள்ளையில இருந்து."

என் கை பிடரியில்தான் இருந்தது. கடைக்குள் நான்கு பேர் சாமான் வாங்க நின்றார்கள். கையை இறக்கிவிட்டு, நிலைக்கு மேலே இருந்த கமராவை நேராகப் பார்த்தேன்.

"ஆமாண்ணே. நிம்மதியாத்தான் இருந்தேன்."

"ம்" என்றார். கோபமா வருத்தமா என்று அந்த ஒற்றை எழுத்தில் எனக்குப் பிடிபடவில்லை. பிறகு சொன்னார்:

"எனக்குத்தான்... இல்ல."