அப்பா அனுப்பிய ஆர்டர்

என் தங்கையின் கல்யாணம் ஒரு மோட்டார் பம்பு கடையில்தான் முடிவானது. பெண் பார்க்கும் சடங்கு எதுவும் இல்லை. பஜ்ஜி சொஜ்ஜியும் இல்லை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு மடிக்கணினி, அதைச் சுற்றி நாங்கள் மூன்று பேர், கடை வாசலில் போனும் கையுமாக அப்பா. அவ்வளவுதான்.

பையன் வாசுதேவநல்லூர்க்காரன். தங்கையோடு கல்லூரியில் படித்தவன். குடும்பம், ஜாதகம், குணம் எல்லாம் அப்பாவுக்குத் திருப்தி. இடித்தது ஒன்றே ஒன்று. ஒழுங்காக இருந்த பேங்க் வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதப் போகிறேன் என்று அவன் உட்கார்ந்துவிட்டான். அப்பா காலமெல்லாம் பம்புசெட் சாமான் விற்றவர். கெபாசிட்டர் போனால் மோட்டார் உறுமும், ஃபுட்வால்வு போனால் தண்ணீர் ஏறாது. அவருக்கு வேலை என்றால் அப்படிக் கண்ணுக்கும் காதுக்கும் தெரிய வேண்டும்.

நானும் அதே வேலையைத்தான் செய்கிறேன். கல்யாணமாகி இதே சங்கரன்கோவிலில், அடுத்த தெருவில் இருந்துகொண்டு, சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு சர்வர் பக்கத்துப் புரோகிராம் எழுதுகிறேன். ஆனால் அப்பாவைப் பொறுத்தவரை நான் செய்வது வேலை இல்லை. நான் பேசிப் பேசிச் சம்பளம் வாங்குகிறேன். அவர் மீட்டிங்கில் நான் கத்துவதை மட்டும்தான் பார்த்திருக்கிறார். அதனால் என் சிபாரிசு எடுபடவில்லை.

மாசக்கணக்கில் இழுத்தது. "பாக்கலாம்" என்பார், அதோடு சரி. தங்கை சாப்பாட்டைக் குறைக்க ஆரம்பித்தாள். எனக்கு அப்பா மேலும் கோபம், பட்டினி கிடக்கிற இவள் மேலும் கோபம். கடைசியில் பையனே தங்கையிடம் ஒரு யோசனை சொன்னான். குருவிகுளம், பனவடலிசத்திரம் பக்கத்து விவசாயிகள் சாமான் கேட்டு நாள் முழுக்க அப்பாவுக்குப் போன் போடுகிறார்கள். போனை வைப்பதற்குள் கேட்டது மறந்துபோகிறது. அவர்களே போனில் தட்டி அனுப்புகிற மாதிரி ஒரு பக்கம் செய்து தருகிறேன் என்றான். அப்பா, "செஞ்சு காட்டட்டும், பாக்கலாம்" என்றார். அந்தப் 'பாக்கலாம்' கொஞ்சம் இறங்கி வந்த மாதிரி இருந்தது.

கிளம்பும்போது தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அங்கன வந்து நீ வாயத் தெறக்காத. அவரே செய்யட்டும்." நான் சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். என்னை நம்பி என்னிடம் சத்தியம் வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, கடையில் கூட்டம் இல்லாத நேரம். பையன் சட்டையை இன் பண்ணி, வேர்த்து விறுவிறுத்து வந்தான். அவனுடைய மடிக்கணினியிலேயே சர்வர் ஓடியது. கடை வைஃபை வழியாக அப்பாவின் போனில் அந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தான். பளிச்சென்று வந்தது. மேலே கடைப் பெயர், கீழே நாலு கட்டம்: பெயர், ஊர், என்ன வேணும், எப்போ வேணும். அதற்குக் கீழே 'அனுப்பு' என்று ஒரு பொத்தான்.

"நீங்களே ஒரு ஆர்டர் போட்டுப் பாருங்க சார்" என்றான் பையன். அதுவரைக்கும் அப்பா அவனுக்கு 'சார்'தான்.

அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று தட்ட ஆரம்பித்தார். ஒற்றை விரலில் தட்டுகிற மனிதர். தங்கை நகத்தைக் கடித்தாள். பையன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் அனுப்பு என்று அழுத்தினால் இந்தப் பக்கம் அது எழுத்தாக வந்து விழ வேண்டும்.

அழுத்தினார். விழுந்தது, ஆனால் எழுத்து இல்லை. திரை நிறைய எரர். சாராம்சம் இதுதான்: req.body என்பது undefined, அதற்குள்ளிருந்து பெயரை எடுக்க முடியாது. அதாவது, போனிலிருந்து ஆள் வந்துவிட்டார், அவர் கொண்டுவந்த பொட்டலத்தைக் காணோம்.

பையன் முகம் செத்துவிட்டது. அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்து எங்களையே பார்த்தார். போனில் என்னவோ இங்கிலீஷில் வந்ததாம், சரி, போய்ச் சேர்ந்துவிட்டது என்று மூடிவிட்டாராம். அவர் உட்கார்ந்திருந்த விதமே வேறாக இருந்தது. பரீட்சை வைக்கிறவர் மாதிரி இல்லை, பரீட்சை எழுதிவிட்டு வந்தவர் மாதிரி. எனக்கு அப்போது அதையெல்லாம் யோசிக்க நேரமில்லை.

"என்னட்டி, ஒண்ணும் சொல்லாம இருக்கிய?" என்றார்.

"கொஞ்சம் இருங்கப்பா" என்றாள் தங்கை.

"அனுப்பிட்டேன்லா. வந்துச்சா இல்லையா?"

"இருங்கப்பான்னா!"

அவருக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது. முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார். தங்கை பயந்துபோய், "நெட்டு கோளாறுப்பா, நம்ம ஏரியாவுல டவர் சரியில்லல்லா" என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். நல்ல பொய். அப்பா நம்பியிருப்பார். ஆனால் பையன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

"இல்ல மாமா, நெட்டு நல்லாத்தான் இருக்கு. தப்பு நான் எழுதுனதுலதான் இருக்கு. பாத்துச் சொல்லுதேன்."

மாமா! சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. காது சிவந்துவிட்டது. தங்கை என் புஜத்தைக் கிள்ளினாள். அப்பா தெருவைப் பார்த்தபடியே இருந்தார்.

பையன் தேட ஆரம்பித்தான். கட்டங்களுக்கு வைத்த பெயர்களில் எழுத்துப்பிழை இருக்குமோ என்று பார்த்தான். தமிழ் எழுத்து போகாதோ என்று சந்தேகப்பட்டான். அப்பாவின் போன் பழசோ என்றான். ஒவ்வொன்றும் தப்பான திசை. என் வாய் அரித்தது. சத்தியத்தை நினைத்து நாக்கை ஒரு கடி கடித்துக்கொண்டேன். நாலாவது தப்பான திசையில் சத்தியம் காற்றில் போனது.

"கட்டத்துப் பேரு தப்பா இருந்தா அந்த ஒண்ணு மட்டும்தான் வராது. இங்க மொத்த பாடியே undefined. அப்படின்னா வந்தத ஒருத்தரும் பிரிக்கவே இல்லைன்னு அர்த்தம். பிரிக்கிற லைனு போட்டியளா?"

"போட்டுருக்கேன் மதினி. இந்தா பாருங்க, express.urlencoded. இருக்கு."

மதினியும் வந்துவிட்டது. அதைக் கவனிக்கிற நிலையில் நான் இல்லை. இருக்கிற வரி ஏன் வேலை செய்யவில்லை? "எங்க இருக்கு?" என்றேன்.

"கீழ."

"கீழயா!"

எதிர்த்த டீக்கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். மீட்டிங்கில் கத்துவதை விடக் கொஞ்சம் அதிகமாகவே கத்திவிட்டேன். பையன் ஒரு கணம் என்னைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், பிறகு நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டு சிரித்தான். அவனுக்கே பிடிபட்டுவிட்டது.

அவன் சர்வர் எழுதப் பயன்படுத்திய எக்ஸ்பிரஸ், எழுதிய வரிசைப்படிதான் போகும். வந்த கோரிக்கை மேலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கும். பொட்டலத்தைப் பிரித்து req.body-க்குள் வைக்கிற படி முதலில் இருக்க வேண்டும், ஆர்டரை வாங்குகிற படி அதற்குப் பிறகு. பையன் முந்தின நாள், மதினியிடம் காட்டப் போகிறோமே என்று கோப்பை அழகாக அடுக்கியிருக்கிறான். ஆர்டரை வாங்குகிறது மாதிரி முக்கியமான படிகள் எல்லாம் மேலே, பிரிக்கிற படி மாதிரி செட்டிங்ஸ் எல்லாம் கீழே. அடுக்கிவிட்டுப் பக்கங்களைத் திறந்து பார்த்தான், திறந்தன. திறந்து பார்க்கப் பொட்டலம் வேண்டாமே. அனுப்பிப் பார்க்கவில்லை.

"என்னவாம் கோளாறு?" என்றார் அப்பா, இன்னும் தெருவைப் பார்த்துக்கொண்டு.

"பந்தி பரிமாறி முடிச்ச பெறகு எலை போட்டுருக்காருப்பா" என்றேன்.

அப்பாவின் தோள் குலுங்கியது. சிரிப்பை அடக்குகிறார். பிறகு மெல்லத் திரும்பி, "அப்போ நான் அனுப்புனது?" என்றார்.

"அது போச்சுப்பா. எங்கயும் பதிவாகல."

"போச்சா? நீங்க யாரும் படிக்கலையா?"

"ஒரு எழுத்துகூட வரல."

அவர் முகத்தில் கோபம் இருந்த இடத்தில் ஒரு நிம்மதி வந்தது. பிறகு கொஞ்சம் வெட்கமும். மோட்டார் ஏன் சரியானது என்று கேட்காமல் விடாத மனிதர், அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பையன் அந்த ஒரு வரியை வெட்டி எல்லாப் படிகளுக்கும் மேலே ஒட்டினான். சர்வரை நிறுத்தி மறுபடி ஓட்டினான். "இன்னொரு தடவ அனுப்புங்க மாமா" என்றான். இந்தத் தடவை தெரிந்தேதான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

"ஒரு மனுசன் எத்தன தடவ சொல்லுவான்!" என்று முணுமுணுத்துக்கொண்டே அப்பா பழையபடி வாசலுக்குப் போய் முதுகைக் காட்டி நின்றார். ஒற்றை விரல். டொக், டொக். எனக்கு எரிச்சலாக வந்தது. ஒரு ஃபுட்வால்வு என்று அடிக்க இவ்வளவு நேரமா?

அனுப்பினார். திரையில் நாலு வரி விழுந்தது. பையன் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தான்.

"பெயர்: பொண்ணுக்கு அப்பா. ஊர்: சங்கரன்கோவில். என்ன வேணும்..."

அதோடு அவன் குரல் நின்றுவிட்டது. நான் எட்டிப் பார்த்தேன். என்ன வேணும் என்ற இடத்தில் 'மாப்பிள்ளை' என்று இருந்தது. எப்போ வேணும் என்ற இடத்தில் 'ஆவணி முதல் முகூர்த்தம்'.

தங்கை கல்லா மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள், இரண்டும் ஒன்றாக. பையன் எழுந்து நின்றான், எதற்கு என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான். சந்தோஷத்தில் அழுகிற ஜாதி நான் இல்லை, ஆனால் அன்றைக்கு அழுதேன். அப்பா மட்டும் ஒன்றும் நடக்காதது போல் ஒரு ஸ்டார்ட்டர் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் போய் நின்றேன். "எப்பப்பா மனசு மாறுனிய? அந்தத் தம்பி பொய் சொல்லாம, தப்பு தன்னோடதுன்னு சொன்னாரே, அதுலயா? இல்ல, சரி பண்ணுனதப் பாத்தா?"

அப்பா துணியை உதறினார்.

"கூறுகெட்டவளே, மொதத் தடவயும் இதத்தான்ட்டி அனுப்புனேன்."